விசாரணை அதிகாரி எப்போது வழக்கறிஞர் ஆகிறார்?

உத்தரப் பிரதேசத்தில் முகமது நூஹ் என்ற தலைமைக் காவலர் மீது 1948-ல் துறை விசாரணை நடந்தது. விசாரித்தவர் அவருடைய துறையிலேயே உயர் பொறுப்பில் இருந்த ஓர் அதிகாரி. சாட்சிகளில் ஒருவர் துறை எதிர்பார்த்தபடி பேசவில்லை, பிறழ்ந்துவிட்டார். அவர் சொன்னது பொய் என்று காட்ட விசாரணை அதிகாரியே சாட்சி சொன்னார். அவருடைய வாக்குமூலம் முறையாகப் பதிவு செய்யப்பட்டது. அப்புறம் அவர் விசாரணை அதிகாரியின் நாற்காலிக்கே திரும்பினார். பிறழ்ந்த சாட்சியை நம்புவதா, தன்னை நம்புவதா என்று அவரே எடைபோட்டு, தன்னையே நம்பினார். முகமது நூஹ் பணிநீக்கம் செய்யப்பட்டார்.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. சாட்சியும் நீதிபதியும் ஒரே ஆளாக இருக்க முடியாது, இயற்கை நீதி அப்பட்டமாக மீறப்பட்டிருக்கிறது என்று 1957-ல் நீதிமன்றம் சொன்னது. ஒரே அதிகாரி பல வேடம் போடுவதைப் பற்றிப் பேசும் இந்திய வழக்குகள் பலவும் இந்தத் தீர்ப்பைத்தான் எடுத்துக்காட்டுகின்றன. இது எல்லைக்கு மிக அப்பால் போன சம்பவம் என்பதால், இதில் தப்பு எங்கே என்று கண்டுபிடிக்க யாருக்கும் சிரமம் இல்லை. அன்றாடம் நடக்கும் துறை விசாரணைகளில் அந்தக் கோடு இவ்வளவு தெளிவாகத் தெரிவதில்லை. ஓர் அதிகாரி கேள்வி கேட்கிறார், பதிலை எழுதுகிறார், கடைசியில் அறிக்கை தருகிறார். எந்த இடத்தில் அவர் நடுவராக இருப்பதை விட்டு, துறையின் வழக்கறிஞராக மாறினார் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில், ஒழுங்காக நடக்கும் ஒரு துறை விசாரணையில் யார் யார் இருப்பார்கள் என்று பார்த்துவிடலாம். புகார் வந்ததும் ஓர் அதிகாரி முதற்கட்டமாக உண்மை என்னவென்று விசாரித்து அறிக்கை தருவார். அதைப் படித்து, தண்டிக்கும் அதிகாரம் உள்ளவர் குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுப்பார். ஊழியர் குற்றச்சாட்டை மறுத்தால் விசாரணை அதிகாரி ஒருவர் நியமிக்கப்படுவார். துறையின் தரப்பில் சாட்சிகளை விசாரித்து, ஆவணங்களை எடுத்துவைக்க இன்னொருவர் நியமிக்கப்படுவார். அலுவலகப் பேச்சில் இவர் பிரசென்டிங் ஆபீசர். ஊழியருக்கு உதவ அவருக்கும் ஒருவர் இருக்கலாம். விசாரணை அதிகாரி இரு தரப்பையும் கேட்டு, குற்றச்சாட்டு நிரூபணம் ஆனதா இல்லையா என்று அறிக்கை எழுதுவார். அந்த அறிக்கையின் நகலை ஊழியரிடம் கொடுத்து, அவர் சொல்வதையும் கேட்ட பிறகே தண்டிக்கும் அதிகாரி முடிவெடுக்க வேண்டும். அறிக்கை நகல் கட்டாயம் என்பதை 1993-ல் பி. கருணாகர் வழக்கில் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்தது.

இந்த ஏற்பாட்டில் துப்பறிபவர், வழக்கு நடத்துபவர், தீர்மானிப்பவர் என்று ஆட்கள் தனித்தனியாக இருக்கிறார்கள். நடைமுறையிலோ முதலில் காணாமல் போவது பிரசென்டிங் ஆபீசர்தான். சிறிய அலுவலகம், ஆள் இல்லை, அவசரம் என்று காரணம் சொல்வார்கள். சில படைகளின் விதிகளில் அப்படி ஒருவரை நியமிக்க வேண்டும் என்ற ஏற்பாடே இருந்ததில்லை. அவர் இல்லாவிட்டால், எதிரில் உட்கார்ந்திருக்கும் சாட்சியிடம் யார் பேச்சைத் தொடங்குவது? விசாரணை அதிகாரிதான். சிக்கல் அந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது.

மத்திய ரிசர்வ் காவல் படையைச் சேர்ந்த சிலரின் பணிநீக்கம் இந்தக் கேள்வியோடு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. ராம் லக்கன் சர்மா வழக்கு என்று பெயர், தீர்ப்பு வந்தது 2018 ஜூலையில். விசாரணையில் துறையின் தரப்புக்கு அதிகாரி யாரும் நியமிக்கப்படவில்லை. விசாரணை அதிகாரியே துறைச் சாட்சிகளை வரிசையாக விசாரித்து, கேள்விகள் போட்டு, வழக்கைக் கட்டியெழுப்பியிருந்தார். படையின் விதிகளில் பிரசென்டிங் ஆபீசர் என்ற பதவியே இல்லை, பிறகு எப்படி விசாரணை கெட்டுப்போகும் என்பது அரசின் வாதம். நீதிமன்றம் அந்த வாதத்தின் பாதியை ஏற்றது. பிரசென்டிங் ஆபீசர் இல்லை என்ற ஒரே காரணத்தால் விசாரணை செல்லாததாகிவிடாது. உண்மையை அறியவும், புரியாததைத் தெளிவுபடுத்திக்கொள்ளவும் விசாரணை அதிகாரி எந்தச் சாட்சியிடமும் கேள்வி கேட்கலாம். ஆனால் வழக்கறிஞர் செய்யும் வேலையை அவர் செய்யத் தொடங்கினால், விசாரணை அங்கேயே கெட்டுவிடுகிறது. இதற்கான அளவுகோலை மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் 2004-ல் ஒரு தீர்ப்பில் வகுத்திருந்தது. உச்ச நீதிமன்றம் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. சாட்சியம் எந்த விதத்தில் பெறப்பட்டது, எந்த விதத்தில் பதிவானது என்பதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது அதன் சாரம்.

'எந்த விதத்தில்' என்ற இந்தச் சொல்லில்தான் எல்லாமே இருக்கிறது. ஒரு கற்பனை விசாரணையை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

ஒரு கிடங்கின் பொறுப்பாளர் மீது குற்றச்சாட்டு: இருப்பில் 40 மூட்டைகள் குறைகின்றன, அவர்தான் வெளியே விற்றுவிட்டார். இருப்பைச் சரிபார்த்தவர் துறையின் சாட்சி. பிரசென்டிங் ஆபீசர் இல்லை. விசாரணை அதிகாரி இப்படிக் கேட்கிறார்: "40 மூட்டை குறைகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படி எண்ணினீர்கள்? அப்போது கூட யார் இருந்தார்கள்?" இதில் தப்பே இல்லை. இதற்கு வரும் பதில் பொறுப்பாளருக்கு எதிராகவும் போகலாம், ஆதரவாகவும் போகலாம். "நான் எண்ணவில்லை, பதிவேட்டைப் பார்த்துக் கழித்தேன்" என்று சாட்சி சொன்னால் துறையின் வழக்கே ஆட்டம் கண்டுவிடும். கேட்டவருக்கு எந்தப் பதில் வரும் என்று தெரியாது, எந்தப் பதில் வந்தாலும் அவருக்கு இழப்பும் இல்லை.

அதே சாட்சியிடம் இன்னொரு மாதிரி கேட்கலாம்: "சாவி பொறுப்பாளரிடமே இருந்ததால் வேறு யாரும் மூட்டைகளை எடுத்திருக்க முடியாது, சரிதானே?" சாட்சி "சரி" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார். பதிவில் அது சாட்சியின் வாக்குமூலமாக நிற்கும். உண்மையில் அந்த வாக்கியம் முழுவதும் விசாரணை அதிகாரியுடையது. சாவி ஒருவரிடம்தான் இருந்தது, வேறு வழி எதுவும் இல்லை, எடுத்தது அவர்தான் என்ற மூன்று முடிவுகளையும் அவரே எடுத்து, சாட்சியிடம் தலையசைப்பு மட்டும் வாங்கியிருக்கிறார். பிறகு அறிக்கையில், "சாவி பொறுப்பாளரிடம் மட்டுமே இருந்ததாகச் சாட்சி தெளிவாகக் கூறியுள்ளார்" என்று அவரே எழுதுவார். தான் போட்டதைத் தானே எடுத்து, அதற்குச் சான்று என்று பெயர் வைக்கிறார்.

அடுத்து பொறுப்பாளர் தன் தரப்புச் சாட்சியாக ஒரு சுமைதூக்கும் தொழிலாளியைக் கொண்டுவருகிறார். கிடங்குக்கு இன்னொரு சாவி இருந்தது, அது மேலாளர் மேசையில் கிடக்கும் என்று அவர் சொல்கிறார். "அந்தச் சாவியை எப்போது பார்த்தீர்கள்? அது இந்தக் கிடங்கின் சாவிதான் என்று எப்படித் தெரியும்?" என்று கேட்பது விசாரணை அதிகாரியின் கடமை. "நீங்கள் அவருக்கு வேண்டியவர், அவரைக் காப்பாற்றத்தானே பொய் சொல்கிறீர்கள்?" என்று கேட்பது குறுக்கு விசாரணை. முதல் கேள்வியால் சாட்சியம் இன்னும் தெளிவாகிறது. இரண்டாவது கேள்வியின் வேலை சாட்சியத்தை உடைப்பது. அதைச் செய்ய வேண்டியவர் துறையின் தரப்பு ஆள். தீர்மானிப்பவர் அதைச் செய்தால், எதிரில் இருக்கும் ஊழியருக்கு இனி பேசிப் பயனில்லை என்று தோன்றிவிடும். அது நியாயமான எண்ணமும்கூட.

விசாரணை அதிகாரி சரியான விதத்தில் கேட்டாலும் இன்னொரு கடமை பாக்கி இருக்கிறது. அவர் கேட்ட கேள்விகளால் புதிதாக ஏதாவது வெளிவந்திருந்தால், அதன் மேல் ஊழியர் அந்தச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய வாய்ப்புத் தர வேண்டும். குறுக்கு விசாரணை முடிந்த பிறகு அதிகாரி நாலைந்து கேள்விகள் கேட்டு, அதோடு சாட்சியை அனுப்பிவிடுவது பரவலாக நடக்கும் தப்பு. ஊழியர் சாட்சியை ஓரளவு அசைத்திருப்பார், அதிகாரி கடைசியில் அதை நிமிர்த்திவைத்துவிடுவார், பதில் சொல்ல யாருக்கும் நேரம் இருக்காது.

இவ்வளவு நுணுக்கம் தேவையா என்று கேட்கலாம். தேவை. துறை விசாரணையின் முடிவை நீதிமன்றத்தில் எதிர்க்கும்போது, நீதிபதி சாட்சியத்தை மறுபடி எடைபோட மாட்டார். முடிவுக்கு ஆதாரமாக ஏதோ ஒரு சான்று பதிவில் இருந்தால், அது போதுமானதா இல்லையா என்பதற்குள் பொதுவாகப் போவதில்லை. குற்ற வழக்கைப் போல ஐயத்துக்கு இடமில்லாத நிரூபணமும் இங்கே வேண்டியதில்லை. ஆக, அந்தச் சின்ன அறையில் "சரி" என்ற ஒரு சொல் பதிவானால், ஓர் ஆளின் வேலையும் ஓய்வூதியமும் அதன் மேலேயே முடிவாகிவிடலாம். சான்றை உண்டாக்குபவரும் சான்றை எடைபோடுபவரும் ஒருவரே என்றால், மேல்முறையீட்டில் யாரும் அதைப் பிரித்துப் பார்க்க வழியில்லை. பதிவேடு வெளியிலிருந்து பார்க்கச் சுத்தமாகத்தான் இருக்கும்.

இதை வைத்து, வேலைகள் ஒன்றாகக் கலந்தாலே அநீதி என்று முடிவுகட்டவும் கூடாது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது நன்றாக விளங்கும். 1955-ல் வந்தது மர்ச்சிசன் வழக்கு. மிச்சிகனில் அப்போது ஒரே நீதிபதி ரகசியமாக உட்கார்ந்து குற்றங்களைத் துப்பறியும் முறை இருந்தது. அப்படி ஒரு ரகசிய அமர்வில் தனக்கு முன்னால் வந்தவர்கள் நடந்துகொண்டதை வைத்து, நீதிபதி அவர்கள் மீது அவமதிப்புக் குற்றம் சாட்டினார், பிறகு அந்த வழக்கையும் அவரே விசாரித்துத் தண்டித்தார். உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. ரகசிய அமர்வில் நடந்தவை எல்லாம் அவர் மனத்தில் இருக்கின்றன, அவற்றை யாரும் குறுக்கு விசாரணை செய்ய முடியாது என்பது முக்கியமான காரணம். இன்னொரு விதத்தில், இது முகமது நூஹ் வழக்கின் அதே கதை. நீதிபதி சாட்சியாகிவிட்டார். என்ன, இங்கே அவர் வாய்திறந்து சாட்சி சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இருபது வருடம் கழித்து, 1975-ல், விஸ்கான்சின் மாநில மருத்துவ வாரியத்தின் வழக்கு வந்தது. லார்கின் என்ற மருத்துவரின் தொழில் நடத்தையைப் பற்றி வாரியம் விசாரித்தது. பிறகு அதே வாரியம் அவருடைய உரிமத்தை நிறுத்திவைப்பதா என்று தீர்மானிக்க அமர்வு நடத்தப் போனது. கீழ் நீதிமன்றம் தடுத்தது. உச்ச நீதிமன்றமோ, விசாரித்த வாரியமே தீர்மானிப்பது தன்னளவில் நியாயக்கேடு ஆகாது என்று ஒருமனதாகச் சொன்னது. பொறுப்பில் இருப்பவர்கள் நேர்மையாக நடப்பார்கள் என்றுதான் தொடங்க வேண்டும், ஒருதலைச் சார்போ முன்முடிவோ ஏற்படும் அபாயம் உண்மையில் இருக்கிறது என்பதை எதிர்ப்பவர்தான் காட்ட வேண்டும் என்றது. யோசித்தால் இதில் நியாயம் இருக்கிறது. முதற்கட்டத் தகவலைப் பார்த்து, 'மேற்கொண்டு விசாரிக்க வேண்டிய விஷயம் இது' என்று முடிவெடுப்பதும், சாட்சியம் எல்லாம் வந்த பிறகு 'இவர் குற்றவாளி' என்று முடிவெடுப்பதும் வேறு வேறு காரியங்கள். பிணை மறுக்கும் நீதிபதியே பிறகு வழக்கை விசாரித்து விடுதலையும் செய்கிறாரே. ஒரு வாரியத்துக்குள் சில ஊழியர்கள் தகவல் திரட்ட, உறுப்பினர்கள் தீர்மானிக்கும்போது, வேலைகள் ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் ஒரே தலைக்குள் இல்லை. அமெரிக்காவின் 1946-ஆம் ஆண்டு நிர்வாக நடைமுறைச் சட்டம் இந்தப் பிரிவினையைத்தான் வைத்திருக்கிறது. விசாரணையிலும் வழக்கு நடத்துவதிலும் ஈடுபட்ட ஊழியர் அந்த வழக்கின் தீர்மானத்தில் கலந்துகொள்ளக் கூடாது, ஆனால் அமைப்பின் தலைமையில் இருக்கும் உறுப்பினர்களுக்கு அந்தத் தடை இல்லை.

இதனால்தான் ஒவ்வொரு கலப்பையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்று நினைக்கிறேன். சாட்சியும் தீர்மானிப்பவரும் ஒன்றானால் மன்னிப்பே இல்லை. தன் நேரடி அறிவைத் தானே எடைபோட யாராலும் முடியாது. விசாரணை அதிகாரி தனியாகப் போய்க் கிடங்கைப் பார்த்துவிட்டு வந்து, "நான் நேரில் பார்த்தேன், பின்பக்கம் வேறு வாசல் இல்லை" என்று அறிக்கையில் எழுதினாலும் இதே தப்புதான். வழக்கு நடத்துபவரும் தீர்மானிப்பவரும் ஒன்றானால் பதிவேட்டைத் திறந்து கேள்விகளைப் படிக்க வேண்டும். துப்பறிந்தவரும் தீர்மானிப்பவரும் ஒன்றானால், முதற்கட்டத்தில் அவர் எவ்வளவு தூரம் போனார் என்று பார்க்க வேண்டும். தாள்களை வாங்கிப் பார்த்து மேல் விசாரணை தேவை என்று சொன்னவர் வேறு, ஆட்களை நேரில் விசாரித்து 'இவர்தான் எடுத்தார்' என்று அறிக்கை எழுதியவர் வேறு. இரண்டாமவரை விசாரணை அதிகாரியாகப் போட்டால், தன் அறிக்கை தப்பு என்று அவரே எழுத வேண்டிய நிலை வரும்.

மிச்சம் இருப்பது, குற்றச்சாட்டு கொடுப்பவரே தண்டனையும் கொடுப்பது. இதை விதிகளே அனுமதிக்கின்றன. ஆகவே எதிர்க்க வேண்டியது அந்த ஏற்பாட்டை அல்ல, அந்த ஆளின் மனம் மூடிவிட்டதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். அது பெரும்பாலும் குறிப்பாணையின் வாசகத்திலேயே தெரிந்துவிடும். 2010-ல் ஓரிக்ஸ் ஃபிஷரீஸ் வழக்கில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்துக்குக் கொடுத்த விளக்கம் கோரும் அறிவிப்பை உச்ச நீதிமன்றம் படித்துப் பார்த்தது. குற்றம் நடந்துவிட்டது என்ற முடிவு அறிவிப்பிலேயே இருந்தது. முடிவை எடுத்துவிட்டு விளக்கம் கேட்பது வெற்றுச் சடங்கு என்று சொல்லி, அதைத் தொடர்ந்து வந்த உத்தரவையும் ரத்து செய்தது. "மூட்டைகளை விற்றதாகக் குற்றச்சாட்டு" என்று எழுதுவதற்கும் "மூட்டைகளை விற்றுத் துறைக்குத் துரோகம் செய்துள்ளீர், ஏன் நீக்கக் கூடாது?" என்று எழுதுவதற்கும் உள்ள தூரம் இதுதான்.

பாதிக்கப்படும் ஊழியர் எங்கே தவறவிடுகிறார் என்பதையும் சொல்ல வேண்டும். ஆட்சேபத்தைத் தண்டனை வந்த பிறகு சொல்வதுதான் அந்தத் தவறு. மானக் லால் என்ற வழக்கறிஞர் மீது ஒழுங்கு விசாரணை நடத்திய தீர்ப்பாயத்தின் தலைவர், முன்பு ஒரு வழக்கில் புகார்தாரருக்காக ஆஜரானவர். அப்படி ஒருவர் தலைவராக இருந்திருக்கக் கூடாது என்று 1957-ல் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனாலும் மானக் லால் தோற்றார். ஆரம்பத்திலேயே சொல்லியிருக்க வேண்டும், தீர்ப்பு எப்படி வருகிறது என்று பார்த்துக் காத்திருந்துவிட்டுச் சொல்ல முடியாது என்பது காரணம். அதனால் விசாரணை அதிகாரி யார் என்று தெரிந்ததும், அவர் முதற்கட்ட விசாரணையில் இருந்தவரா, சாட்சியாக வரக்கூடியவரா என்று பார்த்து, அப்போதே எழுத்தில் ஆட்சேபம் கொடுக்க வேண்டும். விசாரணையின் நடுவில் அவர் வழக்கறிஞர் மாதிரி கேட்கத் தொடங்கினால், அன்றைய நடவடிக்கைக் குறிப்பிலேயே அதைப் பதியச் சொல்ல வேண்டும். பதிய மறுத்தால் அன்று மாலையே கடிதமாக அனுப்பலாம். எந்தக் கேள்வி, யாரிடம் கேட்கப்பட்டது, அதன் பிறகு குறுக்கு விசாரணைக்கு வாய்ப்புத் தரப்பட்டதா என்று மூன்று விவரங்களும் அதில் இருந்தால் போதும். குறிப்பின் நகலைத் தினமும் வாங்கிக்கொள்வது முக்கியம். கேள்விகளை விட்டுவிட்டுப் பதில்களை மட்டும் கதைபோல எழுதும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அப்படி எழுதிவிட்டால், விடையை உள்ளே வைத்துக் கேட்ட கேள்வி மறைந்துபோய், சாட்சி தானாகச் சொன்னதுபோல அது நின்றுவிடும். கேள்வியும் பதிலுமாகவே பதிய வேண்டும் என்று முதல் நாளே கேட்டு வாங்குவது நல்லது.

நீதிமன்றம் விசாரணையை ரத்து செய்தால் குற்றச்சாட்டும் போய்விட்டது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. தப்பு நடந்த கட்டத்திலிருந்து வேறு ஒருவரைக் கொண்டு விசாரணையைத் தொடரத் துறைக்கு அனுமதி கிடைக்கும். ஊழியரைப் பணியில் சேர்த்து, தேவைப்பட்டால் தற்காலிகப் பணிநீக்கத்தில் வைத்து, துறை மறுபடி தொடங்கலாம். கிடங்குப் பொறுப்பாளர் விஷயத்தில், இருப்பைச் சரிபார்த்தவர் மறுபடி வந்து உட்கார வேண்டும். இந்தத் தடவை அவரிடம் வேறு ஒருவர் கேட்பார், எப்படி எண்ணினீர்கள் என்று.